வெள்ளிதோறும் கடைசி ஸ்டாப்

ராமநாதபுரத்தில் நான் கல்யாண வீடியோ எடுப்பவன். என் மனைவி அந்த வீடியோக்களை எடிட் செய்பவள். முகூர்த்தம் இல்லாத ஆடி மாதத்தில் சும்மா இருக்க முடியாமல் நான் ஒரு சேனல் தொடங்கினேன். அரிச்சல்முனையில் இரண்டு கடலும் முட்டிக்கொள்கிற இடத்தில், இடுப்பளவு தண்ணீரில் நின்று எடுத்த ஒரு வீடியோதான் முதலில் போட்டது. அது எப்படியோ பற்றிக்கொண்டது. வடநாட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து கைகூப்பும் பொம்மை போட்டுவிட்டுப் போனார்கள். ஒரு வாரம் நான் தரையில் நடக்கவில்லை. பால் வாங்கப் போனால்கூடக் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு போனேன் என்று என் மனைவி இன்றைக்கும் சொல்கிறாள். வெயில் அப்படி அடித்தது என்பதுதான் உண்மை.

அடுத்து போட்ட ஏழெட்டு வீடியோக்களை ஈ, காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. ராமேஸ்வரத்து விடியல், பாம்பன் மேகம், மண்டபத்துப் படகு என்று ஒவ்வொன்றும் உயிரைக் கொடுத்து எடுத்தவை. மக்களுக்கு ரசனை போய்விட்டது என்று ஒரு மாலை சாப்பிடும்போது சொன்னேன். அவள் எழுந்து போய் லேப்டாப்பைத் தூக்கிவந்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். சேனலின் கணக்குப் பக்கத்தில் இரண்டு கோடுகள். ஒன்று புதிதாக வந்தவர்கள். மலை போல ஏறி, அப்படியே விழுந்திருந்தது. இன்னொன்று ஏற்கனவே பார்த்துவிட்டுத் திரும்பவும் வந்தவர்கள். அது தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது.

"வந்தவுக எல்லாம் கடலைப் பாக்க வந்தவுகங்க. பாத்தாச்சு, போயிட்டாக. திரும்பி வாரதுக்கு நீங்க என்ன வச்சிருக்கீக?"

"அடுத்த வீடியோ வச்சிருக்கேன்ல?"

"அது எப்ப வரும்னு உங்களுக்கே தெரியாது. அவுகளுக்கு எப்பிடித் தெரியும்?"

அவள் முதுகுளத்தூர்க்காரி. ஆடு, மிளகாய், சந்தை என்று வளர்ந்தவள். "சந்தை இன்ன கிழமைன்னு இருக்கறதாலதான் ஆடும் வருது, ஆளும் வருது. நெனச்ச நாள்ல சந்தை போட்டா யாரு வருவா? ஒரு கிழமை வையுங்க. ஒரு நேரம் வையுங்க. ஒரே மாதிரி ஒண்ணைப் போடுங்க" என்றாள். ஒரே மாதிரி போடுவதற்கு நான் என்ன இட்லித் தட்டா என்று கேட்டேன். அவள் எனக்கு இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினாள்.

ஆனாலும் முயன்றேன். திங்கள்கிழமைதோறும் கேமரா பிடிப்பது எப்படி என்று சொல்லித்தந்தேன். பார்த்தவர்கள் எல்லாரும் மாவட்டத்தின் மற்ற வீடியோக்காரர்கள். பார்த்ததும் குற்றம் கண்டுபிடிக்கத்தான். பிறகு புதன்கிழமைதோறும் கேள்வி-பதில் வைத்தேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. மூன்றாவது வாரம் ஒரே ஒருவர் மட்டும் நல்ல நல்ல கேள்வியாகக் கேட்டிருந்தார். மகிழ்ந்து போய் அரை மணி நேரம் பதில் சொன்னேன். அது என் மனைவி தன் தங்கையின் போனிலிருந்து கேட்டது என்று பிறகுதான் தெரிந்தது.

பஸ் வந்தது எதேச்சையாகத்தான். என் பைக் மெக்கானிக் கடையில் இருந்தது. நயினார்கோவிலில் ஒரு வீட்டுக்குக் கல்யாண ஆல்பம் கொடுக்க டவுன் பஸ் ஏறினேன். ஜன்னல் காற்றுக்குக் கண் அசந்துவிட்டேன். கண்டக்டர் தோளைத் தட்டியபோது பஸ் ஊரையெல்லாம் தாண்டி, ஒரு வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டிருந்தது.

"கடைசி ஸ்டாப்புண்ணே. இதுக்கு மேல ரோடு இல்ல. இருபது நிமிசத்துல திரும்புவோம், இருங்க."

இறங்கிப் போனில் எடுக்க ஆரம்பித்தேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மா, "எங்க ஆட்டை எதுக்குய்யா போட்டோ பிடிக்க?" என்று அதட்டினார். சமாளிப்பதற்காக, "ஊர்ல என்ன விசேஷம்மா?" என்று கேட்டேன்.

"இங்கன என்ன விசேஷம் இருக்கு? ஒண்ணுமில்ல" என்றார். சொல்லிவிட்டு, கண்மாய்க்கு வந்த புதுக் கொக்கு, மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளை வெண்டைக்காய் சாப்பிடமாட்டேன் என்றது, பக்கத்து ஊர்க்காரர்கள் இவருடைய கிடாயைத் தங்கள் கிடாய் என்று சாதித்தது என்று பஸ் ஹாரன் அடிக்கும்வரை நிறுத்தவே இல்லை. போகிற போக்கில், சேனலில் போட்டாலும் போட்டுக்கொள், ஆடு நன்றாகத் தெரியவேண்டும் என்றும் சொல்லிவிட்டார்.

அதை நான் குப்பை என்று நினைத்தேன். வெளிச்சம் சரியில்லை, கை ஆடியிருந்தது. என் மனைவி அதை வெட்டி ஒட்டி வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிக்குப் போட்டாள். தலைப்பு 'கடைசி ஸ்டாப்'. கடைசியில் என் குரலில், "அடுத்த வெள்ளி எந்தப் பஸ்?" என்று ஒரு வரி பேசச் சொன்னாள். அதற்குக் கீழே ஆட்கள் வரிசையாகத் தங்கள் ஊர் பஸ்ஸைச் சொல்லத் தொடங்கினார்கள். எங்கள் ஊருக்கு வாருங்கள், இங்கே ஒன்றுமே இல்லை என்று பெருமையாக எழுதினார்கள்.

அதன்பிறகு அவள் சட்டம் போட்டுவிட்டாள். முதல் காட்சி, பஸ் டிக்கெட்டைக் கேமரா முன் காட்டவேண்டும். இறங்கியதும் எதிர்ப்படும் முதல் ஆளிடம் ஊரில் என்ன விசேஷம் என்ற அதே கேள்வியைக் கேட்கவேண்டும். பஸ் திரும்பும்போது ஏறிவிடவேண்டும். முகப்புப் படத்திலும் ஒரே மஞ்சள் பட்டை, ஒரே எழுத்து. கூட்டத்தில் பார்த்தாலும் இன்னது என்று தெரியவேண்டும். எல்லாவற்றையும் வரிசையாக ஒரே தொகுப்பில் சேர்த்து வைத்தாள். ஒன்று பார்த்தவர்கள் அடுத்ததற்குப் போனார்கள். மாதம் இரண்டு ஆவதற்குள் தரையில் கிடந்த அந்தக் கோடு தவழ்ந்து எழுந்து உட்கார்ந்தது.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. கலைஞன் அல்லவா? ஒன்பதாவது வாரம் டிக்கெட்டைத் தூக்கிவிட்டு, தேவிபட்டினத்துச் சூரிய உதயத்தைப் புல்லாங்குழலோடு மெதுவாக ஓடவிட்டுத் தொடங்கினேன். போட்ட கையோடு, "அண்ணே, டிக்கெட் எங்க?" என்று கேள்வி. அதற்குக் கீழே அதே கேள்வி, அதற்கும் கீழே அதே கேள்வி. மறுநாள் காலை லேப்டாப் என் காப்பிக்குப் பக்கத்தில் திறந்திருந்தது. முதல் அரை நிமிடத்திலேயே பாதிப்பேர் எழுந்து போயிருந்தார்கள்.  

தை பிறந்தது. முகூர்த்தங்கள் வரிசை கட்டின. இப்படி ஆகும் என்று அவள் முன்பே ஒரே வாரத்தில் இரண்டு பஸ் ஏறி, ஒன்றைக் கைவசம் வைத்திருக்கச் சொல்லியிருந்தாள். சேர்த்து வைத்ததையெல்லாம் நான் சோம்பலில் செலவழித்துவிட்டேன். ஒரு வெள்ளிக்கிழமை கீழக்கரையில் ஒரு நிக்காஹ், பரமக்குடியில் ஒரு வரவேற்பு. ஏழு மணிக்குச் சேனலில் ஒன்றும் வரவில்லை.

ஒரு வாரம்தானே என்று நினைத்தேன். ஒன்பது மணிக்குச் சவுதியிலிருந்து ஒரு குரல் செய்தி. பேசியவர் கீழக்கரைக்காரர்; அண்ணனை அங்கே காக்கா என்பார்கள்.

"காக்கா, எங்களுக்கு இன்னிக்கு லீவு. அஸர் தொழுதுட்டு வந்து ரூம்ல ஆறு பேரும் சாயாவைப் போட்டு வச்சுக்கிட்டு உக்காந்திருக்கோம். சாயா ஆறிப்போச்சு, நீங்க வரல. பஸ்ஸு பஞ்சரா, நீங்க பஞ்சரா? அல்லாவுக்காகச் சொல்லிருங்க."

அவள் அதை இரண்டு தடவை போட்டுக் கேட்டாள். முதல் தடவை சிரித்தாள். இரண்டாவது தடவை சிரிக்கவில்லை. "பாத்தீங்களா, உங்க ஏழு மணிக்கு யாரோ அங்கன அடுப்பு பத்த வைக்கிறாக" என்றாள். அன்றிலிருந்து இரண்டு வீடியோக்கள் எப்போதும் கையிருப்பில் இருக்கின்றன. சாவி அவளிடம்.

எல்லாம் சரியாகப் போகும்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. அடுத்த வாரம் எந்த ஊர் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் ஆவல் கூடும் அல்லவா? ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்தில் ஒரு நெல் விளையும் ஊரின் பெயரைச் சொன்னேன். அந்த வாரம் பஸ்ஸை விட்டு இறங்கினால் மேளம். சீரியல் பல்பு. எனக்குப் பொன்னாடை, டிரைவருக்கும் கண்டக்டருக்கும் துண்டு. முதல் ஆளிடம் கேள்வியைக் கேட்டேன். வேட்டி கட்டிய பெரியவர் கைகளை விரித்து, "நீங்க வந்ததுதான் விசேஷமே!" என்றார். பிள்ளைகள் ஆடின. ஊருக்கு ரோடு வேண்டும் என்று ஒரு மனுவைக் கொடுத்தார்கள். சோறு போட்டார்கள், கண்மாய்க் கெளுத்திக் குழம்பு. நான் இரண்டாவது முறை சோறு வாங்கும்போது பஸ் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து பொன்னாடையோடு கண்ணாடி முன்னால் நின்றேன். அவள் வீடியோவை முழுக்கப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது நீங்க எடுக்கிற கல்யாண வீடியோங்க."

அவள் சொன்னபடியே ஆயிற்று. அந்த வாரம் பார்த்தவர்கள் அந்த ஊர்க்காரர்கள் மட்டும். வழக்கமாக வருகிறவர்கள் பாதியில் போய்விட்டார்கள். அவர்களுக்கு வேண்டியது, ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு ஆரம்பிக்கிற பேச்சு. மேளம் அடித்த ஊரில் அது எப்படி வரும்? அன்றிலிருந்து ஊர் பெயரைச் சொல்வதில்லை. கிழமையும் நேரமும் மட்டும்தான் வாக்கு. பார்ப்பவர்கள் எழுதுகிற ஊர்களைச் சீட்டில் எழுதி ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போகிறோம். அங்கே பூக்கட்டுகிற அக்கா கேமரா முன்னால் ஒரு சீட்டை எடுப்பார். அந்த நிமிடம் வரை எனக்கும் தெரியாது. மனுவை மட்டும் நான் கலெக்டர் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தேன், சோறு தின்றாயிற்றே.

போன மழைக்காலத்தில் எனக்குக் காய்ச்சல் கண்டது. கையிருப்பைப் போடலாம் என்றேன். அது மழைக்கு முந்தி எடுத்தது, எல்லா ஊரும் காய்ந்து கிடக்கும், பார்க்கிறவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று சொல்லி, குடையை எடுத்துக்கொண்டு அவளே கிளம்பினாள். நான் போர்வைக்குள்ளிருந்து பயந்தேன். முகம் மாறினால் ஆட்கள் ஓடிவிடுவார்களே? ஓடவில்லை. டிக்கெட் அதே டிக்கெட், கேள்வி அதே கேள்வி. அவள் கேட்டபோது ஒரு மிளகாய் விவசாயி வழக்கம்போல் ஒன்றுமில்லை என்றார். நானாக இருந்தால் தலையாட்டியிருப்பேன். அவளோ, "ஒண்ணுமில்லாமலா அண்ணே இம்புட்டுச் சகதியில நிக்கிறீக?" என்று மடக்கினாள். அவர் சிரித்துவிட்டு, சகதியில் விழுந்த தன் செல்போனைத் தேடிக்கொண்டிருப்பதாக ஒப்புக்கொண்டார். அவள் தன் போனிலிருந்து கூப்பிட்டுப் பார்க்க, அவருடைய கால் செருப்புக்குக் கீழேயிருந்து பாட்டு வந்தது.

அதற்கு வந்த வரவேற்பைப் பற்றி நான் அதிகம் சொல்ல விரும்பவில்லை. சவுதி ரூம் ஆட்கள் மட்டும் அனுப்பிய செய்தியைச் சொல்கிறேன்: "காக்கா, உங்களுக்கு ஒடம்பு நல்லா ஆகணும்னு துஆ செய்யிறோம். அவசரம் ஒண்ணுமில்ல."

இப்போது வாரந்தோறும் அவள்தான் பஸ் ஏறுகிறாள். வீட்டில் எடிட்டிங் நான். வியாழக்கிழமையே நேரம் குறித்து ஏற்றி வைத்துவிடவேண்டும் என்பது விதி. போன வாரம் அவள் தும்மியதை நல்லெண்ணத்தில் வெட்டி எடுத்தேன்.

"அதை ஏன் வெட்டுனீக? அந்தத் தும்மலுக்குத்தான அந்தக் கிழவர் சிரிச்சாரு" என்றாள்.

திரும்பவும் ஒட்டி வைத்தேன். அவள் சொன்னது சரிதான்.