காலியாக இருந்த பயனர்பெயர்

திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணங்களுக்கு மேடை அலங்காரம் செய்யும் தொழிலை நானும் என் கணவரின் அண்ணன் மனைவியும் சேர்ந்துதான் தொடங்கினோம். பூக்கட்டும் வேலையும் போட்டோ போடும் வேலையும் என்னுடையவை. படம் போடும் செயலி ஒன்றில் தொழிலுக்காகத் தொடங்கிய எங்கள் பக்கத்தின் பயனர்பெயரை யோசித்து வைத்ததும் நான்தான். தொழில் சூடுபிடித்ததும் அந்த அக்கா பக்கத்தின் கடவுச்சொல்லை மாற்றிவிட்டார். கேட்டதற்கு, "நீ புள்ளைங்களப் பாத்துக்க, எனக்கு ஆள் இருக்கு" என்றார்.

சில மாதம் கழித்து மாமியார் வீட்டில் சாப்பிடும்போது, பக்கத்தின் பயனர்பெயரைப் பகட்டாக மாற்றப்போவதாக அக்கா சொன்னார்.

"பழைய லிங்க்க தொட்டா என்ன ஆகும்க்கா?" என்றேன்.

"தானா புதுசுக்குப் போயிடும். இது தெரியாதா உனக்கு?"

போகாது என்று எனக்குத் தெரியும். அந்தச் செயலியில் லிங்க்கே பயனர்பெயரால் ஆனது. பெயரை மாற்றினால் பின்தொடர்பவர்கள் கூடவே வருவார்கள், பழைய லிங்க் மட்டும் செத்துப்போகும். விட்ட பெயரைச் சில காலம் அவருக்காக ஒதுக்கி வைத்திருப்பார்கள். பிறகு யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். நான் வாயைத் திறக்காமல் ரசத்தை ஊற்றிக்கொண்டேன்.

அவர் மாற்றினார். ஊரிலுள்ள லாட்ஜ் மேசைகளில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர், பழைய விசிட்டிங் கார்டு எல்லாவற்றிலும் இருந்த லிங்க், 'இந்தப் பக்கம் இல்லை' என்று காட்டியது. நான் தினமும் காலையில் அந்தப் பெயரைப் போட்டுப் பார்த்தேன். கிடைக்காது, கிடைக்காது என்றே வந்தது. ஒரு நாள் கிடைத்தது; உடனே அந்தப் பெயரில் எனக்கென்று புதுப் பக்கம் தொடங்கினேன். என் படம், என் கைப்பேசி எண், நான் செய்த அலங்காரங்கள். அவர் என்று யாரும் எண்ண வழியில்லாதபடி எல்லாமே என்னுடையவை. பின்தொடர்பவர் ஒருவரும் இல்லை. ஆனால் ஸ்டிக்கரைப் பார்த்து வந்தவர்கள் என்னிடம்தான் வந்தார்கள்.

விஷயம் தெரிந்ததும் அக்கா தன் பக்கத்தின் தலைப்பில் காட்டும் பெயரைப் பழையபடி மாற்றி, மறுபடி திருத்தி எழுதினார். இனி பதினான்கு நாளுக்கு மாற்ற முடியாது என்றது செயலி. அதை மாற்றினாலும் லிங்க் மாறாது என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்தது. நேரே வீட்டுக்கு வந்தார்.

"அது என் பேருடி. குடுத்துரு."

"நீங்களே விட்டுட்டீங்கக்கா. காலியா இருந்துச்சு, எடுத்துக்கிட்டேன்."

"கம்ப்ளெயின்ட் குடுப்பேன்."

"குடுங்க. எம் பேரு, எம் படம், எம் வேல. வேற என்ன இருக்கு அதுல?"

புகார் கொடுத்தார். ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் ஆள் வைத்து லாட்ஜ் லாட்ஜாக ஸ்டிக்கரைச் சுரண்டினார். கோயிலுக்குப் பூ கொண்டுபோகும் வழியில் நின்று நன்றாகப் பார்த்தேன். பாவமாக இருக்கும் என்று நினைத்தேன், இல்லை. பொங்கலுக்கு, அக்கா கேட்கச் சொன்னதால், அந்தப் பெயரைத் திருப்பிக் கொடுத்துவிடும்படி மாமியார் பேசினார். பூக்கூடையைத் தூக்கிக்கொண்டு, நேரமாகிறது என்று கிளம்பிவிட்டேன்.