கோடி வாசனை போன துணி

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் ஜாக்கெட் தைத்துப் பிழைக்கிறவள் நான். துணியைப் பற்றி முதலில் சொல்வது என் காதும் மூக்கும்தான். மடிப்பை உதறினால் சரசரக்க வேண்டும். முகத்தருகே கொண்டுபோனால் புதுத்துணிக்கே உரிய கோடி வாசனை வர வேண்டும். இரண்டும் இல்லாமல் யாராவது துணி கொண்டுவந்தால், "பீரோல எத்தன வருசமா கெடந்துச்சு?" என்று கேட்டுவிடுவேன். வாய் கொஞ்சம் நீளம் எனக்கு.

அந்த வாய் அடங்கிப்போன காலம் ஒன்று வந்தது. இடது மார்பில் கட்டி என்று சொல்லி எடுத்துவிட்டார்கள். பிறகு கதிர் சிகிச்சைக்காக வாரக்கணக்கில் திருச்சிக்கும் வீட்டுக்குமாக பஸ்ஸில் அலைந்தேன். பாடாலூர் தாண்டும்போதெல்லாம் வெயில் நெஞ்சின் மேல் விழும். முந்தானையை இரண்டாக மடித்து மறைத்துக்கொள்வேன். தோல் கருத்து, வெந்த மாதிரி ஆகிவிட்டது. ஜாக்கெட்டின் தையல் பட்டாலே உயிர் போகும். என் கையால் தைத்த ஜாக்கெட் ஒன்றையும் என்னால் போட முடியவில்லை. வீட்டுக்காரருடைய பழைய சட்டையைப் போட்டு, மேலே சேலையைச் சுற்றிக்கொண்டு போய் வந்தேன்.

பழையதையே போட்டுப் போட்டு எனக்கு என் மேலேயே வெறுப்பு வந்தது. சிகிச்சை முடியப் போகிற வாரத்தில் அவரிடம் சொன்னேன்.

"என்னங்க, நல்லதா ஒரு ஜாக்கெட் துணி எடுத்துட்டு வாங்க. புதுசு. அதப் போட்டுக்கிட்டுத்தான் கடையத் தொறக்கப் போறேன்."

"சரி" என்றார். அவர் பேச்சு எப்போதும் அவ்வளவுதான்.

அவருக்குத் துணி தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. கல்யாணமான புதிதில் நாங்கள் ஈரோட்டில் இருந்தோம். துணி பதப்படுத்தும் மில்லில், துணிக்கு மினுக்கு ஏற்றும் காலண்டர் மெஷினை அவர் ஓட்டினார். ஊர் திரும்பிய பிறகு இங்கே ஒரு ஜவுளிக்கடை குடோனில் வேலை. அவர் துணி எடுக்கப் போனதில் எனக்கு ஒரு கவலையும் இல்லை.

துணி அன்றைக்கு வரவில்லை, மறுநாளும் வரவில்லை. கேட்டால், "வரும்" என்பார். சிகிச்சையே முடிந்துவிட்டது. அதற்கப்புறம் ஒரு சாயங்காலம் இறுக்கி மடித்த ஒரு பொதியை என் மடியில் வைத்தார். பாக்குக் கலர். உதறாமலே தெரிந்தது, சத்தம் இல்லை. முகர்ந்தேன், சோப்பு வாசனை. பளபளப்பும் இல்லை. பல தடவை துவைத்த துணி.

"புதுசு கேட்டா பழசக் கொண்டாந்துருக்கீங்க."

"புதுசுதான்."

"எனக்கே துணி காட்டுறீங்களா?"

"தொட்டுப் பாரு."

நான் தடவிப் பார்க்கவில்லை. எங்கள் பக்கம் ஒரு பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வரும். இனி இவளுக்கு வரப்போகிற புதுத்துணி அது ஒன்றுதான் என்று இந்த மனுஷன் முடிவு கட்டிவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றியது. அதை மனசில் வைத்துக்கொள்ளவும் தெரியவில்லை.

"போறவளுக்கு இது போதும்னு நெனச்சிட்டீங்க, இல்ல?"

அவர் முகம் சுருங்கியது. வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் அந்தப் பொதியை மெஷின் மூலையில் தூக்கிப் போட்டேன். நாலைந்து நாள் எங்களுக்குள் சோறு, தண்ணீர், மாத்திரை தவிர வேறு பேச்சில்லை. அவருக்கு நான் ஒரு முடிந்துபோன கணக்கு என்று நினைத்து நினைத்து அழுதேன்.

கடைசியில் கடையைத் திறந்தே ஆகவேண்டி வந்தது. பழைய சட்டையோடு போய் உட்கார மானம் இடம் கொடுக்கவில்லை. பீரோவில் எனக்கென்று வாங்கி வைத்திருந்த புது ஜாக்கெட் துணி ஒன்று இருந்தது. கண்ணாடி போல மினுங்கும். அதன் ஓரத்தை வெந்த தோலில் வைத்துப் பார்த்தேன். கஞ்சியின் விறைப்பு சுருக்கென்று குத்தியது, கையை எடுத்துவிட்டேன். வேறு வழியில்லாமல் மூலையில் கிடந்ததை எடுத்து அதே இடத்தில் வைத்தேன். ஒன்றுமே தெரியவில்லை. துணி பட்டதே தெரியவில்லை.

அப்புறம்தான் அதைத் தையல்காரியாகப் பார்த்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் மேலே மினுக்கு இல்லை, ஆனால் இழைக்குள் ஒரு பளபளப்பு நின்றது. ஈரோட்டில் அவர் சொன்னது ஞாபகம் வந்தது. அப்போதெல்லாம் கொஞ்சம் பேசுவார்.

"நான் போடுறது மேல் பூச்சுடி. சூடான உருளைக்கு நடுவுல விட்டு அமுக்கினா, நூல் தட்டையாயிப் பளபளன்னு ஆவும். கஞ்சியும் சேந்தா சரசரன்னு இருக்கும். நாலு தண்ணி பட்டா நூல் பழையபடி உப்பிக்கும், எல்லாம் போயிடும். மெர்சரைஸ் பண்றது வேற. இழுத்துப் புடிச்சுக்கிட்டே காஸ்டிக் சோடாவுல நனைப்பாங்க. நாடா மாதிரி முறுக்கிக் கெடக்குற பஞ்சு இழை உப்பி உருண்டையாயிடும். அந்த மினுக்கு துணி கிழியிற வரைக்கும் இருக்கும்."

வெளுத்ததெல்லாம் பால் என்று கடையில் பளபளப்பைப் பார்த்தே துணி எடுக்கிற ஊரில், எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். நான் மறந்திருந்தேன்.

ஒரு மூலையில் சாக்பீஸால் ஒரு சாண் குறித்து, நனைத்து, காயவைத்து, டேப் வைத்தேன். ஒரு நூல்கூடக் குறையவில்லை. ஆவியில் ஈரம் காட்டி, சூடான உருளையோடு தடித்த ரப்பர் பட்டையில் விட்டு, பின்னால் சுருங்க வேண்டியதை மில்லிலேயே நெருக்கிச் சுருக்கிய துணி. சான்ஃபரைஸ் என்பார்கள். தைத்த பிறகு ரணத்தின் மேல் இறுக்காது. கரையைப் பார்த்தேன், மில் முத்திரையில் அந்தப் பெயரே பாதி அழிந்தும் அழியாமலும் இருந்தது. கண்ணில் பட்ட வரைக்கும் உடுத்திய மடிப்பு இல்லை. புதுத்துணிதான். அதுவும் விலை கூடினது.

எங்கள் வீட்டில் இது நனைந்ததே இல்லை; அவர் போகிற இடம் தங்கச்சி வீடு ஒன்றுதான் என்று அரும்பாவூரில் இருக்கும் நாத்தனாருக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

"அண்ணன் ஒன்னும் சொல்லலியா அண்ணி? வேல முடிஞ்சதும் நேரா இங்க வந்து அந்தத் துணிய அலசிட்டு அலசிட்டு நெழல்ல காயப்போட்டுச்சு. நான் தொவைக்கிறேன்னு கேட்டேன், குடுக்கல. ஒவ்வொரு தடவையும் காஞ்சதும் கன்னத்துல வச்சுப் பாத்துட்டு, இன்னும் வெறப்பு போவலன்னு மறுபடி நனைச்சிச்சு."

போனை வைத்துவிட்டு வெட்டுவதற்காகத் துணியை மேஜையில் விரித்தேன். ஜாக்கெட்டுக்கு வேண்டியது விரிந்தது. பிறகும் மடிப்பு இருந்தது. விரித்தேன். மேஜை முடிந்து தரையில் இறங்கியது. இன்னும் மடிப்பு இருந்தது. இறுக்கி மடித்து என் மடியில் வைத்ததை நான் ஒரு ஜாக்கெட் துணி என்று நினைத்திருந்தேன். முழுசாகப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

அவர் வந்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். தரையெல்லாம் பாக்குக் கலர்.

"எதுக்குங்க இவ்ளோ?"

துணியை மிதிக்காமல் சுவரோரமாக நடந்து உள்ளே வந்தார்.

"வருசா வருசம் தைக்க வேணாமா?"

என் வாய் பழையபடி நீண்டுவிட்டது.

"அதுக்காக எல்லாத்தையும் ஒரே கலர்லயா எடுப்பாங்க?" என்று அழுதுகொண்டே கேட்டேன்.