நல்லெண்ணெய் பூசிய கன்னம்

மெல்பேர்னின் மேற்குப் பக்கத்தில், உறைந்த உணவு வைக்கும் களஞ்சியம் ஒன்றில் வேலை செய்கிறேன். பரோட்டாவும் மீனும் அங்கே கல்லாகக் கிடக்கும். வெப்பநிலை மைனஸ் பதினைந்து. காற்றில்லாத இடத்தில் வெறும் முகத்தோடு நின்றாலும் சற்று நேரம் சமாளிக்கலாம். குளிரூட்டும் விசிறிக்கு நேரே நின்றால் கதை வேறு. வெப்பமானி அதே பதினைந்தைத்தான் காட்டும், ஆனால் தோலை ஒட்டிய சூட்டைக் காற்று அள்ளிக்கொண்டு போய்விடும். தோலுக்கு அது மைனஸ் முப்பதுக்குக் கிட்ட. அங்கே திறந்த முகத்தோடு பத்து நிமிடத்துக்கு மேல் நிற்கக்கூடாது என்பது எங்கள் இடத்துச் சட்டம்.

முகத்தை மூடும் கம்பளியைப் போட்டால் என் மூச்சில் மூக்குக்கண்ணாடி ஆவி படிந்து மறைத்துவிடும். அதனால் நான் கெட்டித்தனமாக ஒரு வழி பிடித்திருந்தேன்: கன்னம் நிறைய நல்லெண்ணெய். பூசியதும் கதகதப்பாகத்தான் இருந்தது.

அன்று விசிறிக்கு நேர் கீழே அடுக்கு ஒன்று சரிந்துவிட்டது. நானும் என் வேலைச் சோடியும் பெட்டிகளைத் திரும்ப அடுக்கினோம். அவள் பக்கத்துப் புறநகரான பொயிண்ட் குக்கில் இருக்கும் தமிழ்நாட்டுக்காரி. தன் முகம் தனக்குத் தெரியாது என்பதால் அங்கே இருவர் இருவராகத்தான் வேலை, ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்க வேண்டும். முதலில் கன்னம் எரிந்தது. பிறகு எரிச்சல் நின்றது. எண்ணெய் வேலை செய்கிறது என்று உள்ளுக்குள் பெருமைப்பட்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள்.

“ஏங்க, கன்னத்துல வெள்ளையா திட்டு விழுந்திருக்கு. வெளிய வாங்க.”

“எனக்கு ஒண்டும் நோகேல்லை. இன்னும் கொஞ்சப் பெட்டிதான், அடுக்கிப்போட்டு வாறன்.”

“நோகலைங்கிறதுதான் பயமா இருக்கு.”

கையைப் பிடித்து இழுத்தே வெளியே கொண்டுவந்தாள். கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன், வேறு யாருடையதோ போல இருந்தது. அப்போதுதான் பயந்தேன். தேய்க்கப் போன கையைத் தட்டிவிட்டாள்.

“தேய்ச்சா தோல் கெட்டுப்போகும். ஹீட்டர் பக்கமும் போகாதீங்க, மரத்த தோலுக்குச் சுடுறது தெரியாது.”

கையுறையைக் கழற்றி, இரண்டு உள்ளங்கைகளையும் என் கன்னங்களில் அழுத்தாமல் வைத்தாள். எண்ணெய்ப் பிசுக்கு பட்டதும் முகத்தைச் சுளித்தாள்.

“இது என்ன, தோசைக்கல்லா? எண்ணெய் குளிரைத் தடுக்காதுங்க. சூடா இருக்கிற மாதிரி ஏமாத்தும், அவ்வளவுதான்.”

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே வலியும் வந்தது. ஊசி ஊசியாகக் குத்தியது.

“வலிக்குதா?”

“ஓம்.”

“அப்பாடா.”

மெல்ல நிறம் திரும்பியது. முதலுதவிக்காரர் வந்து பார்த்து, உறையும் முன்னே வெளியே வந்துவிட்டீர்கள், தழும்பும் வராது என்றார். அவர் போன பிறகும் அவள் கையை எடுக்கவில்லை.

“இப்ப பரவாயில்லையா?” என்று கேட்டாள்.

குத்தல் எப்போதோ நின்றிருந்தது. இருந்தும், இன்னும் கொஞ்சம் நோகுது என்றேன். இந்த நாட்டுக்கு வந்த பிறகு என் முகத்தை ஒருவர் கையில் ஏந்தியது அன்றுதான்.