லாமா?

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் உலகம் முழுக்கப் போர்த்திக்கொண்டு படுக்கும். தியாகலிங்கம் மட்டும் விட்பி நகரில் உள்ள தன் வீட்டு பேஸ்மென்ற்றில் கணினி முன்னால் கண்களைக் கசக்கிக்கொண்டு இருப்பார். இஸ்ரேலில் ஞாயிறுதான் வாரத்தின் முதல் வேலைநாள். இங்கே காலை ஏழு மணியென்றால் அங்கே மத்தியானம் இரண்டு.

மூத்த பொறியியலாளர் அவர். பசுமைக்கூடங்களுக்கு நீர் பாய்ச்சும் வால்வுகள் செய்யும் ஸ்காபரோ நிறுவனத்தில் பத்தொன்பது வருடம். போன வருடம்தான் ஹைஃபாவில் உள்ள கம்பனியோடு கூட்டு வந்தது. அன்றிலிருந்து அவருக்கு நிம்மதி இல்லை.

அதற்குக் காரணம் ஹைஃபா கம்பனியின் பொறியியலாளர் நோவா. அவருடைய மகளின் வயதுதான் இருக்கும். போன வாரம், அவருடைய மேலாளர் மெலனியும் தன் முதலாளி எஹுட்டும் பார்த்துக்கொண்டிருக்க, அவள் கேட்டாள்:

"தியாகா, ஏன் வேலை இவ்வளவு மெதுவாகப் போகிறது? யார் எடுத்த முடிவு? நீயா?"

ஆங்கிலத்தில் நீயும் நீங்களும் ஒரே சொல்தான். ஆனால் அவர் காதில் 'நீ' என்றே விழுந்தது. நெஞ்சில் ஆணி அடித்ததுபோல இருந்தது. "பார்க்கலாம்," என்று மட்டும் சொல்லி வாயை மூடிக்கொண்டார்.

அவர்களுக்குள் ஹீப்ருவில் பேசும்போதும் ஒரே சொல் திரும்பத் திரும்ப வரும்: "லாமா? லாமா?" முதலில் அது அவருக்குத் தமிழாகவே கேட்டது. வரலாமா, கேட்கலாமா என்று எவ்வளவு பணிவான பேச்சு என்று நினைத்தார். பிறகுதான் தெரிந்தது, அதற்கு 'ஏன்' என்று அர்த்தமாம்.

இன்றைய கூட்டத்தோடு இந்தத் திட்டத்திலிருந்து விலகிவிடுவதென்று அவர் தீர்மானித்திருந்தார். மரியாதை போன இடத்தில் கதிரை எதற்கு?

மனைவி தவமணி தேத்தண்ணியோடு படியிறங்கி வந்தாள்.

"இஞ்சரப்பா, உந்தப் பெட்டை இண்டைக்கும் கத்துவாளோ?"

"கத்தட்டும். இதுதான் கடைசி. மெலனியிட்டச் சொல்லப்போறன்."

"ஐயோ, இத்தினை வருசம் ஏறி வந்த இடத்தை உப்பிடி விடப்போறியளோ?"

அவர் கணினிப் பக்கம் திரும்பினார். திரையில் முகங்கள் வந்துவிட்டன. தவமணி படிக்கட்டிலேயே உட்கார்ந்தாள்.

"அடுத்த மாதம் புது வால்வுகளை அங்கே அனுப்புகிறோம். எல்லோருக்கும் சரியா?" என்றான் எஹுட், வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டே.

தியாகலிங்கம் கதிரையில் நிமிர்ந்தார். அந்த வால்வுக்குள் நோவாவின் ஆட்கள் போட்ட ரப்பர் வளையம் இங்கத்தைய குளிரைத் தாங்காது. "குளிர்காலம் பற்றி ஒரு சின்னக் கவலை உண்டு," என்று மூன்று கூட்டங்களில் சொல்லியிருந்தார். யாரும் பொருட்படுத்தவில்லை. இப்போது பேசாமல் விலகினால், தை மாதத்தில் வளையங்கள் இறுகி வால்வுகள் ஒழுகும். தண்ணீர் போகாமல் யாருடைய பயிரோ வாடும். பழி மட்டும் அவர் பெயரில் நிற்கும்.

"அப்போ எல்லோருக்கும் சரி," என்றாள் நோவா. "தியாகாவும் ஒன்றும் சொல்லவில்லை."

அத்தனை நாள் அடக்கியது அணையுடைந்து வந்தது.

"இல்லை! சரியில்லை! மைனஸ் இருபத்தைந்தில் உன்னுடைய ரப்பர் கல்லாகும்! நான் மூன்று தரம் சொன்னேன்!"

தன் குரல் தனக்கே கேட்டதும் அவர் மேலாளரைப் பார்த்தார். மெலனியின் புருவம் உயர்ந்தது. முடிந்தது, வேலையே போச்சு.

நோவா முன்னால் சாய்ந்தாள்.

"நீ சொல்லவில்லை, தியாகா. சின்னக் கவலை என்றாய். சின்னதென்றால் நாங்கள் சின்னதென்றுதானே நினைப்போம்? ஏன் இதுவரை கத்தவில்லை?"

"மரியாதைக்காக," என்றார்.

"மரியாதையா? கேள்வி கேட்பதுதான் என் மரியாதை. பதில் தெரிந்தவன் நீ ஒருவன்தான் என்றுதானே உன்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்!" அவள் எஹுட் பக்கம் திரும்பினாள். "நீ குறித்த தேதி முட்டாள்தனம். மாற்று."

முதலாளியைப் பார்த்தா இப்படிச் சொல்கிறாள்? எஹுட்டோ தலையைச் சொறிந்துகொண்டு, "சரி, மாற்றுகிறேன். குளிர்ப் பரிசோதனையை நீயே நடத்துவாயா, தியாகா? ஆமா, இல்லையா?" என்றான்.

விலகுகிறேன் என்ற சொல் நாக்கு நுனியில்தான் நின்றது. ஆனால் அவர் அறியாமலே வாயில் வந்தது வேறு.

"ஓம்."

அது யாருக்கும் விளங்கவில்லை. "யெஸ்," என்றார் மறுபடி.

திரை அணைந்தது. வென்ற சந்தோசம் இல்லை. சுமை இறக்கிய களைப்புத்தான் உடம்பெல்லாம். இனி ஒவ்வொரு ஞாயிறும் கத்த வேண்டும். கத்துவதற்கும் ஒரு வயது இருக்கிறதல்லவா?

"விலகேல்லையோ?" என்றாள் தவமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"இல்லை. மேல போய்க் கொஞ்சம் படுக்கலாமா?"

ஞாயிறுதோறும் படிக்கட்டிலிருந்து கூட்டத்தைக் கேட்டவள் இடுப்பில் கை வைத்தாள்.

"லாமா?"

பல வாரங்களுக்குப் பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது.