மலை இறங்கியபின் வந்த வேன் செய்தி

யாருடைய எண்ணைப் பதிந்திருக்க வேண்டும்? இன்னும் தெரியவில்லை.

மகளின் பள்ளி வேன் பற்றிச் செய்தி அனுப்பும் செயலியில் ஓர் எண்தான் பதியலாம். கள்ளக்குறிச்சியில் நிறுத்தத்துக்குப் போய் அவளை அழைத்து வருபவர் கணவர். ஆனாலும் கல்வராயன் மலையில் ஆசிரியையாக இருக்கும் என் எண்ணையே கொடுத்தேன்.

நேற்று என் பேருந்து மலை இறங்கி சிக்னல் கிடைத்ததும், "வேன் நாற்பது நிமிடம் தாமதம்", "ஐந்து நிமிடத்தில் வரும்" என்ற இரண்டு செய்திகளும் சேர்ந்தே வந்தன. அனுப்பிய நேரம் 4.00, 4.45. அப்போது மணி 5.20. பதறிக் கணவரை அழைத்தேன்.

"பாப்பா வூட்ல சாப்டுக்கினு இருக்குது. நான்தான் முக்கால் மணி நேரம் வெயில்ல நின்னுக்கினு இருந்தேன். உன் போனு இன்னா பண்ணிச்சி?"

அவர் எண்ணுக்கு மாற்றலாம். ஆனால் வரும் செய்தி எதையும் அவர் திறந்து பார்ப்பதில்லை. நீங்களாக இருந்தால் யார் எண்ணைக் கொடுப்பீர்கள்? சொல்லுங்கள்.