சம்பள நாள் வரைக்கும் புடவைக் காசு

பொட்டலம் போய்ச் சேர்ந்ததும் வாங்கியவர் காசு கொடுப்பார். ஒரு வாரம் வசூலானதைக் கூரியர்காரர்கள் அடுத்த வாரம் புதன்கிழமை என் வங்கிக் கணக்கில் போடுவார்கள். ஈப்போவில் வாடகை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, ஃபேஸ்புக் நேரலையில் புடவை விற்றுக்கொண்டிருந்தபோது நான் நம்பியிருந்தது அந்தப் புதன்கிழமையைத்தான். தீபாவளியை முன்னிட்டு ஆயர் தாவார் பக்கத்து எஸ்டேட் ஒன்றிலிருந்து ஏகப்பட்ட ஆர்டர் வந்தது. அந்தப் பெண்கள் முன்கூட்டியே வங்கியில் பணம் போடமாட்டார்கள். புடவையைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகுதான் காசை எடுப்பார்கள். அதனால் எல்லாமே சிஓடி.

இரண்டு புதன்கிழமை வந்து போனது. பணம் வரவில்லை. எனக்கு மூன்று மாத வாடகை பாக்கி. ஞாயிற்றுக்கிழமைக்குள் தராவிட்டால் வீட்டைப் பூட்டிவிடுவதாக வீட்டுக்காரச் சீனர் சொல்லியிருந்தார். சொன்னதைச் செய்கிற ஆள். நானும் பள்ளிக்கூடம் போகும் என் மகளும் எங்கே போவோம்?

கூரியர் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை எண்ணில் பாட்டுப் போட்டே என்னைக் கொன்றார்கள். ஈப்போ கிளைக்கு நேரிலேயே போனேன். கவுண்டரில் இருந்த பெண் என் பொட்டல எண்களைத் தட்டிப் பார்த்தாள்.

"இதெல்லாம் இன்னும் டெலிவர் ஆகலக்கா. 'வாங்குறவங்க வேற நாள் கேட்டாங்க'ன்னு போட்டிருக்கு. டெலிவர் ஆனாத்தான் காசு கணக்குல ஏறும். நீங்க ஆயர் தாவார் கிளையில கேளுங்கலா."

அத்தனை பேருமா வேறு நாள் கேட்பார்கள்? தீபாவளிப் புடவைக்கா? வெள்ளிக்கிழமை காலையிலேயே பஸ் ஏறினேன். வழி நெடுக மனதுக்குள் யாரையோ திட்டிக்கொண்டே போனேன்.

ஆயர் தாவார் கிளையின் மேற்பார்வையாளரும் தமிழ்ப் பெண்தான். என்னைவிடச் சின்னவள். அலமாரி முழுக்கத் தேடினாள். என் பொட்டலம் ஒன்றுகூட அங்கே இல்லை. அவள் முகம் மாறிப்போனது. அந்தப் பக்கத்துக்குப் பொட்டலம் கொண்டுபோகிறவனைப் போன் போட்டு வரவழைத்தாள். நான் சும்மா இருக்கவில்லை. கிளையே கேட்கும்படி கத்தினேன். "திருட்டுப் பசங்க" என்றுகூடச் சொன்னேன்.

ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே வந்தான் அவன். அவனும் அந்தப் பெண்கள் இருக்கும் எஸ்டேட்டிலேயே பிறந்து வளர்ந்தவன்.

"புடவையெல்லாம் குடுத்துட்டேன்கா. சம்பளம் வந்ததும் தரேன்னாங்க. எல்லாரும் என்னைத் தூக்கி வளத்தவங்க. காசு குடுத்தாத்தான் பொட்டலம்னு எப்படிக்கா அவங்க மூஞ்சியப் பாத்துச் சொல்லுவேன்? அதான் வேற நாள்னு போட்டேன்."

நானும் எஸ்டேட்டில் பிறந்தவள்தான். அங்கே கடையில் சாமான் இன்றைக்கு, காசு சம்பளத்தன்றைக்கு. கூரியரையும் அந்தக் கடையாக்கிவிட்டார்கள் என் வாடிக்கைக்காரிகள்.

"காசு வாங்காம பொருள் குடுக்கக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?" என்று மேற்பார்வையாளர் அவனைக் கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீங்க புகார் போட்டா, காணாமப் போன பொட்டலம்னு கேஸ் ஆகும்கா. விசாரிச்சு இழப்பீடு வர மாசக்கணக்குல ஆகும். இவனுக்கும் வேலை போயிரும்."

"போடலைன்னா?"

"செவ்வாய்க்கிழமை எஸ்டேட்டுல சம்பளம். அன்னிக்கே வாங்கிட்டு வந்து கட்டிருவான். அதுக்கு அடுத்த வாரம் புதன் உங்க கணக்குல விழும்."

எப்படிப் பார்த்தாலும் ஞாயிற்றுக்கிழமைக்குள் இல்லை. அங்கேயே நின்றபடி வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். எனக்குத் தெரிந்த மலாய் முழுவதையும் போட்டுக் கெஞ்சினேன். நான் அழுததை அந்தப் பையன் பார்த்துக்கொண்டே நின்றான். "போன மாதமும் இதையேதான் சொன்னாய்" என்று மலாயில் சொல்லிவிட்டு அவர் போனை வைத்துவிட்டார்.

நான் புகார் போடவில்லை. நல்ல மனசு என்று யாரும் நினைக்க வேண்டாம். புகார் போட்டால் காசு இன்னும் தள்ளிப் போகும், அவ்வளவுதான்.

ஞாயிறு மாலை கதவில் புதுப் பூட்டுத் தொங்கியது. முன்பே வெளியே எடுத்து வைத்திருந்த மகளின் பள்ளிச் சீருடையையும் இரண்டு பைகளையும் தூக்கிக்கொண்டு தங்கை வீட்டுக் கூடத்தில் போய்ப் படுத்தோம். தங்கை கணவர் டிவி சத்தத்தைக் குறைக்கவே இல்லை. மகள் தன் சீருடையைத் தானே மடித்துப் பை மேல் வைத்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மேற்பார்வையாளர் சொன்ன புதன்கிழமை, கூரியர் கட்டணம் போக மீதிப் பணம் கணக்கில் விழுந்தது. ஒரு புடவைக் காசுகூடக் குறையவில்லை. அந்தப் பெண்கள் சொன்ன நாளில் கொடுத்திருந்தார்கள். வாடகையைக் கட்டியதும் வீட்டுக்காரர் பூட்டைத் திறந்துவிட்டார்.

அன்று மாலையே எஸ்டேட்டிலிருந்து ஒரு அக்கா வாட்சாப்பில் குரல் அனுப்பினார். "புடவை ரொம்ப நல்லாருக்குமா. என் மருமகளுக்கும் ஒண்ணு அனுப்பு. அந்தத் தம்பிக்கிட்டயே குடுத்துவிடு, சம்பளத்துல தந்துர்றேன்."

அந்தக் குரலில் கள்ளமே இல்லை. இரண்டு முறை கேட்டேன். பிறகு, "முதலில் பணத்தை வங்கியில் போடுங்கள் அக்கா, அப்புறம் புடவை அனுப்புகிறேன்" என்று எழுதினேன். அவர் அதைப் பார்த்துவிட்டதற்கு அடையாளமாக நீலக் கோடு விழுந்தது. அந்த எஸ்டேட்டிலிருந்து அதற்குப் பிறகு எனக்கு ஒரு ஆர்டரும் வரவில்லை.