கட்டிலின் அடிச்சட்டம்

பழைய சாமான் சந்தையில் அவளை எல்லோரும் மோப்பக்காரி என்பார்கள். அலமாரியைக் கண்டால் முதலில் பின்னால் போய் அதன் முதுகைப் பார்ப்பாள். இழுப்பறையை உருவி, ஈர வாடை அடிக்கிறதா என்று மோந்து பார்ப்பாள். ஆடுகிற நாற்காலியை அவள் ஒதுக்க மாட்டாள். பொருத்து கழன்றிருந்தால் பழைய பசையைச் சுரண்டி எடுத்து மறுபடி ஒட்டி இறுக்கிவிடலாம். தண்ணீரில் ஊறி உப்பிய பலகை என்றால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். வாங்கியதை இழுத்துப் போவது நானும் என் தள்ளுவண்டியும். அவளை நம்பி இழுத்த எந்தச் சாமானும் என் முதுகை வீணாக வலிக்க வைத்ததில்லை.

கடை அவள் அண்ணனுடையது. முன்னால் நாற்காலி போட்டு உட்காருவது அவர். அவளுக்குக் கிடைத்தது கடையின் பின்பக்கம் ஜன்னல் இல்லாத ஓர் அறை, உப்புத்தாள், வார்னிஷ் நெடி. வெளியூர்ப் பட்டறை ஒன்று அவளை வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்த அண்ணன், சந்தைக்குள் நுழையும்போது ஒரு வழியாக இறங்கி வந்தார்.

"இன்னிக்கு நானே பாத்து எடுக்கறேன். நீ வாயத் தொறக்காம இருந்தா நாளைக்கே கெளம்பு. குறுக்க பேசினா, எனக்கு இன்னும் சாமான் பாக்கத் தெரியலைன்னு அர்த்தம். இருந்துடு."

"இன்னிக்கு ஒரு நாள் ஊமையா இரும்மா," என்று அவள் காதில் போட்டுவைத்தேன். சிரித்தாள்.

அண்ணன் ஒரு கட்டில் முன்னால் நின்றார். நல்ல செதுக்கு வேலை, மெழுகு போட்ட பளபளப்பு. குனிந்து அடிச்சட்டத்தைத் தடவினார். விரலைப் பார்த்தார். கையைப் பின்னால் கொண்டுபோய்ச் சட்டையில் துடைத்துக்கொண்டு, "ஏத்துப்பா வண்டியில," என்றார்.

நானும் அவளும் அவருக்குப் பின்னால்தான் நின்றோம். நீலச் சட்டையில் மாவு மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. வண்டு அரித்து ஓய்ந்த துளை என்றால் உள்ளே கறுத்திருக்கும். இப்படி வெளுத்த புதுத் தூள் கொட்டினால் வண்டு உள்ளே உயிரோடு இருக்கிறது என்று பொருள். கடைக்குள் போனால் அவள் தேய்த்து மெருகேற்றி வைத்த மற்ற மரங்களுக்கும் பரவும்.

அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் எடுத்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை அந்தக் கட்டிலோடு சேர்த்துக் கட்டிப்போட்டிருப்பேன்.

அவள் வாயை மூடிக்கொண்டால் போதும், நாளைக்குப் பஸ் ஏறிவிடலாம். கடை அரித்தால் அரிக்கட்டுமே! நான் கட்டிலின் தலைப்பக்கத்தைத் தூக்கினேன். அவள் கால்பக்கம் வந்து கை வைத்தாள். தூக்கவில்லை, அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"எறக்கிடுங்க. இது வேணாம்," என்றாள் என்னிடம்.

அண்ணன் ஏன் என்று கேட்கவே இல்லை.

"சரி, அடுத்த கடையப் பாப்போம். நீ முன்னால போ," என்றார் அவளிடம்.